பஞ்சு விலை சரிந்தபோது கிடங்கில் இருந்த நூலுக்குக் கணக்கில் என்ன விலை?

2022 மே மாதம் ஒரு கண்டி பஞ்சு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. கண்டி என்றால் 356 கிலோ. வெளிநாட்டுப் பஞ்சு தாராளமாக வரட்டும் என்று மத்திய அரசு ஏப்ரலிலேயே 11 சதவீத இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியிருந்தது. அப்படியும் விலை இறங்கவில்லை. நூல் விலை ஏற்றத்தை எதிர்த்துத் திருப்பூரில் பின்னலாடைக்காரர்கள் அந்த மே மாதத்தில் கம்பெனிகளை மூடிப் போராடினார்கள். பஞ்சு இன்னும் ஏறும், கிடைக்கும்போதே வாங்கி வைத்துக்கொள்வோம் என்று பல நூற்பாலைகள் கிடங்கை நிரப்பின.

அடுத்த சில மாதங்களில் நிலைமை தலைகீழானது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆடை வாங்குவது குறைந்ததால் திருப்பூருக்கு வரும் ஆர்டர்கள் குறைந்தன. நூல் தேங்கியது. அக்டோபரில் புது சீசன் பஞ்சு வரத் தொடங்கியது. ஆண்டு முடிவதற்குள் கண்டி விலை அறுபதாயிரங்களுக்கு வந்துவிட்டது. லட்ச ரூபாய்க்கு வாங்கிய பஞ்சும், அதில் நூற்ற நூலும் கிடங்கில் இருக்க, வெளியே விலை மட்டும் போய்விட்டது.

பணம் எவ்வளவு போனது என்பது ஆலை முதலாளிக்குக் கணக்கர் சொல்லித் தெரியவேண்டியதில்லை. ஆனால் அந்த நஷ்டத்தை எந்தத் தேதியில், எந்தச் சரக்கின் மேல், எவ்வளவு என்று ஏட்டில் ஏற்றுவது என்பது வேறு கேள்வி. பலர் இதை "மார்க்கெட் விலை இறங்கிவிட்டது, ஸ்டாக் விலையையும் அதற்கு இறக்கு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். விதி சொல்வது அது அல்ல. ஒரே நாளில், ஒரே விலைச் சரிவில், ஒரே ஆலையில் இருக்கும் மூன்று வகைச் சரக்குக்கு மூன்று வெவ்வேறு விடைகள் வரலாம். அது எப்படி என்று ஓர் ஆலையின் கணக்கை எடுத்துப் பார்ப்போம்.

விதி சிறியதுதான். சரக்கிருப்பை அதன் அடக்க விலை, நிகர விற்பனை மதிப்பு ஆகிய இரண்டில் எது குறைவோ அந்த விலையில் காட்டவேண்டும். பட்டியலிட்ட நிறுவனங்களும் பெரிய நிறுவனங்களும் பின்பற்றும் இண்ட் ஏஎஸ் 2, மற்றவர்கள் பின்பற்றும் ஏஎஸ் 2 ஆகிய இரண்டு கணக்கியல் தரநிலைகளும் இதையே சொல்கின்றன. நிகர விற்பனை மதிப்பை ஆடிட்டர்கள் என்ஆர்வி என்பார்கள். வழக்கமான வியாபாரத்தில் அந்தச் சரக்கு என்ன விலைக்குப் போகும் என்று மதிப்பிட்டு, அதிலிருந்து சரக்கை முழுமையாக்க இன்னும் ஆகும் செலவையும், விற்க ஆகும் செலவையும் கழித்தால் வருவது அது. சந்தையில் யாரோ இருவர் கைமாற்றிக்கொள்ளும் விலை இங்கே அளவுகோல் அல்ல. இந்த ஆலை, தன்னிடம் இருக்கும் இந்தச் சரக்கை, தன் வாடிக்கையாளரிடம் விற்றால் கைக்கு எவ்வளவு வரும் என்பதே அளவுகோல். மூன்று விடைகள் வருவதற்குக் காரணமும் இதுதான்.

முதலில் அடக்கம் சரியா?

கணக்கு எளிதாக இருக்க நானே அமைத்துக்கொண்ட ஓர் ஆலை இது. பட்டியலிட்ட நிறுவனம், எனவே காலாண்டுக் கணக்கு முடிக்கவேண்டும். தேதி 2022 செப்டம்பர் 30. கிடங்கில் 30-ஆம் நம்பர் கோம்டு ஹோசியரி நூல் 1,00,000 கிலோ, பஞ்சு 2,80,000 கிலோ. பஞ்சு முழுவதும் உச்ச விலையில் வாங்கியது, கிலோ 280 ரூபாய்.

ஒரு கிலோ நூலுக்கு 1.4 கிலோ பஞ்சு போகிறது என்று வைத்துக்கொள்வோம். பஞ்சுச் செலவு 392 ரூபாய். நூற்கும்போது விழும் கழிவுப் பஞ்சை விற்றால் 27 ரூபாய் திரும்பி வரும், மிச்சம் 365. மின்சாரம், கூலி, பராமரிப்பு, தேய்மானம் எல்லாம் சேர்த்து உற்பத்திச் செலவு 70. ஆக நூலின் அடக்கம் கிலோ 435 ரூபாய்.

இந்த 70 ரூபாயில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது, அதைத் தாண்டிப் போகக் கூடாது. தேவை குறைந்த மாதங்களில் ஆலைகள் ஷிப்டுகளைக் குறைக்கும். ஓடும் கதிர்கள் குறைந்தாலும் தேய்மானம், மாதச் சம்பளம் போன்ற நிலைச் செலவுகள் குறையாது. பாதி உற்பத்தியின் மேல் முழு நிலைச் செலவையும் ஏற்றினால் உற்பத்திச் செலவு 70 என்பது 90, 95 என்று ஏறிவிடும். விதி இதை அனுமதிப்பதில்லை. ஆலையின் வழக்கமான உற்பத்தி அளவுக்குக் கிலோவுக்கு எவ்வளவு நிலைச் செலவோ, அவ்வளவுதான் சரக்கின் அடக்கத்தில் சேரவேண்டும். கதிர் நின்றதால் வீணான மிச்சம் அந்தக் காலாண்டின் செலவு.

இந்த மிச்சத்தையும் அடக்கத்தில் சேர்த்துவிட்டு, பிறகு "விலை இறங்கியதால் மதிப்பைக் குறைத்தோம்" என்று எழுதினால் இறுதி லாப நஷ்டம் மாறாமல் இருக்கலாம். ஆனால் ஆலை சரியாக ஓடாத நஷ்டம் சந்தைச் சரிவின் பெயரில் மறைந்துபோகும். படிக்கிறவருக்கு இவை இரண்டும் ஒன்றல்ல. சந்தை திரும்பினால் ஒன்று சரியாகும், மற்றது சரியாகாது.

நூல்: ஒப்பந்தம் உள்ளதும் இல்லாததும்

செப்டம்பர் கடைசியில் இந்த நூல் ஜிஎஸ்டி நீங்கலாக 345 ரூபாய்க்குப் போகிறது என்று கொள்வோம். ஏஜென்ட் கமிஷன், லாரி வாடகை சேர்த்து 5 ரூபாய். நிகரமாகக் கைக்கு வருவது 340. அடக்கம் 435. ஒவ்வொரு கிலோவிலும் 95 ரூபாய் போய்விட்டது.

ஆனால் 1,00,000 கிலோவையும் 95-ஆல் பெருக்கிவிட முடியாது. அதில் 30,000 கிலோவுக்கு ஒரு பின்னலாடை நிறுவனம் ஜூலையிலேயே கிலோ 450 ரூபாய்க்கு ஆர்டர் கொடுத்திருக்கிறது. இந்தப் பகுதிக்கு அளவுகோல் சந்தை விலை அல்ல, ஒப்பந்த விலை. 450-இல் 5 ரூபாய் செலவைக் கழித்தால் 445, அடக்கமான 435-ஐவிட அதிகம். எனவே இந்த 30,000 கிலோ அடக்க விலையிலேயே நிற்கும். 445-க்கு ஏற்றவும் கூடாது, அந்த 10 ரூபாய் லாபம் விற்ற பிறகுதான் கணக்குக்கு வரும். மிச்சமுள்ள 70,000 கிலோவுக்கு மட்டும் 95 ரூபாய் வீதம் 66.5 லட்சம் குறைக்கவேண்டும்.

இங்கே செய்கிற வழக்கமான தவறு, இரண்டையும் சேர்த்துச் சராசரி போடுவது. 30,000 கிலோவுக்கு 445, 70,000 கிலோவுக்கு 340 என்று சேர்த்தால் சராசரி 371.50 வருகிறது. அடக்கத்தோடு ஒப்பிட்டால் குறைக்கவேண்டியது 63.5 லட்சம் என்று தோன்றும். காணாமல்போன 3 லட்சம் எங்கே? அது ஒப்பந்த நூலில் இன்னும் விற்காத லாபம். விற்காத லாபத்தைக் கொண்டு நிச்சயமான நஷ்டத்தை மூடிவிட்டோம். ஒப்பந்த நூலையும் மற்ற நூலையும் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதைத் தடுக்கத்தான். நூல் நம்பர்களுக்கும் இதே நியாயம் பொருந்தும். 20-ஆம் நம்பரில் லாபம் நிற்கிறது என்பதற்காக 40-ஆம் நம்பரின் நஷ்டத்தை அதில் கரைக்கக் கூடாது. உருப்படி உருப்படியாகப் பார்ப்பதே பொது வழி. ஒரே வகை, ஒரே பயன், ஒரே சந்தை, பிரித்து மதிப்பிட முடியாது என்ற நிலையில்தான் சேர்த்துப் பார்க்கலாம்.

கணக்கில் வராத, ஆனால் கணக்கையே மாற்றிவிடும் ஒரு கேள்வி இன்னும் இருக்கிறது. சந்தையில் 345-க்குக் கிடைக்கும் நூலை அந்த வாடிக்கையாளர் 450 கொடுத்து எடுப்பாரா? விலை சரியும் காலத்தில் ஒப்பந்தங்கள் இளகும் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். "கொஞ்சம் பொறுத்து அனுப்புங்கள்" என்பார்கள், பிறகு "ரேட்டைப் பாருங்கள்" என்பார்கள், சரக்கை வாங்கிக்கொண்டு தரத்தில் குறை சொல்லி டெபிட் நோட் அனுப்புவார்கள். விதி சொல்லும் ஒப்பந்தம் உறுதியான ஒப்பந்தம். வாட்ஸ்அப்பில் வந்த விசாரணையும், வாய்ப்பேச்சில் முடித்த ஆர்டரும், எழுத்தில் இருந்தாலும் வாங்குபவர் நினைத்தால் கழன்றுகொள்ளக்கூடியதும் அதற்குள் வருமா என்பதை ஆலை நேர்மையாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்த ஆர்டர் நிற்காது என்றால் 30,000 கிலோவுக்கும் 95 ரூபாய் குறையும், நஷ்டம் இன்னும் 28.5 லட்சம் கூடும். ஆடிட்டராக இருந்தால் நான் முதலில் கேட்பது ஒப்பந்தத் தாளை அல்ல. ஆகஸ்ட், செப்டம்பரில் அதே வாடிக்கையாளருக்கு என்ன விலையில் பில் போனது, அதற்கு முழுப் பணம் வந்ததா என்பதைத்தான். ஒப்பந்தம் உயிரோடு இருக்கிறதா என்பது அங்கே தெரிந்துவிடும்.

பஞ்சு: இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள்

பஞ்சின் அடக்கம் கிலோ 280. செப்டம்பர் 30 அன்று அதே தரப் பஞ்சு 210-க்குக் கிடைக்கிறது என்று கொள்வோம், அதாவது கண்டி சுமார் 75,000. 2,80,000 கிலோவில் கிலோவுக்கு 70 ரூபாய் வித்தியாசம், மொத்தம் 1.96 கோடி. இதை அப்படியே குறைத்துவிடலாமா?

கூடாது. ஆலை பஞ்சை விற்பதற்கு வைத்திருக்கவில்லை, நூற்பதற்கு வைத்திருக்கிறது. எனவே பஞ்சின் விலை என்ன என்பது முதல் கேள்வி அல்ல. அந்தப் பஞ்சிலிருந்து வரும் நூல் தன் அடக்கத்தைத் திரும்பக் கொண்டுவருமா என்பதே முதல் கேள்வி. கொண்டுவரும் என்றால், பஞ்சு விலை எவ்வளவு சரிந்திருந்தாலும் பஞ்சின் மதிப்பைக் குறைக்கக் கூடாது. நூல் இன்னும் 450-க்குப் போய்க்கொண்டிருக்கிறது என்று வைத்துப் பாருங்கள். செலவு போக 445 வரும், 435 அடக்கம் மீண்டுவிடும். அப்போது 1.96 கோடி விலைச் சரிவு கண்முன்னே இருந்தாலும் ஏட்டில் ஒரு ரூபாய் கூடக் குறையாது. மலிவாக வாங்கியிருக்கலாமே என்ற ஏக்கம் நஷ்டம் ஆகாது.

நம் ஆலையில் நிலைமை அப்படி இல்லை. பஞ்சு முழுவதையும் நூற்றால் 2,00,000 கிலோ நூல் வரும். அதற்கு ஒப்பந்தம் எதுவும் இல்லை. அடக்கம் 435, கைக்கு வருவது 340. முதல் கேள்விக்கு விடை, மீளாது. இனித்தான் இரண்டாவது கேள்வி, எவ்வளவுக்கு இறக்குவது?

இதற்கு இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, அதே பஞ்சை இன்று வாங்கினால் ஆகும் விலை, 210. இதுவே கிடைக்கக்கூடிய சிறந்த அளவாக இருக்கலாம் என்று இண்ட் ஏஎஸ் 2 ஒப்புக்கொள்கிறது. மற்றொன்று, நூலிலிருந்து பின்னோக்கி வருவது. நூலுக்குக் கைக்கு வருவது 340, அதில் நூற்கும் செலவு 70-ஐக் கழித்தால் 270. கழிவுப் பஞ்சு விற்று வரும் 27-ஐச் சேர்த்தால் 297. இது 1.4 கிலோ பஞ்சுக்கு உரியது. ஒரு கிலோவுக்கு 212 ரூபாய் சொச்சம்.

210-உம் 212-உம் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. இரண்டு வழியையும் போட்டுப் பார்ப்பதன் பயன் இதுதான். பின்னோக்கிய கணக்கு 240 என்று வந்திருந்தால், நாம் எடுத்துக்கொண்ட நூல் விலை ஆசைப்பட்ட விலையா, அல்லது பஞ்சு விலை வேறு தரத்தின் விலையா என்று தேடவேண்டியிருக்கும். 180 என்று வந்திருந்தால், இன்றைய விலைக்குப் பஞ்சு வாங்கி நூற்றாலும் இந்த ஆலைக்குக் கட்டாது என்று பொருள். அது சரக்கு மதிப்பைத் தாண்டிய சேதி, எந்திரங்களின் மதிப்பையும் சோதிக்கவேண்டிய அளவுக்குப் போகலாம்.

இங்கே 210-ஐ எடுத்துக்கொள்வோம். பஞ்சில் குறைவது 1.96 கோடி. நூலில் 66.5 லட்சம். மொத்தம் 2 கோடியே 62.5 லட்சம். முன்பு 12.19 கோடியாக இருந்த சரக்கிருப்பு 9.565 கோடி ஆகிறது. நூலில் குறைந்தது சரக்கிருப்பு மாற்றத்திலும், பஞ்சில் குறைந்தது மூலப்பொருள் செலவிலும் போய் அந்தக் காலாண்டின் செலவாக உட்காரும். ஸ்லைவராகவும் ரோவிங்காகவும் எந்திரங்களில் நிற்கும் பாதி வேலை முடிந்த சரக்குக்கும் இதே பின்னோக்கிய கணக்குத்தான், இனி ஆகவேண்டிய செலவை மட்டும் கழிக்கவேண்டும்.

அக்டோபரில் தெரிந்தது

பட்டியலிட்ட நிறுவனம் காலாண்டு முடிந்து 45 நாளுக்குள் முடிவுகளை வெளியிட வேண்டும். அதாவது இயக்குநர் குழு செப்டம்பர் கணக்கில் கையெழுத்திடும்போது நவம்பர் பாதி ஆகியிருக்கலாம். அதற்குள் அக்டோபரில் அந்த நூல் உண்மையில் என்ன விலைக்குப் போனது என்று பில்லிலேயே தெரியும். 345 என்று எடுத்த நூல் அக்டோபர் முதல் வாரத்தில் 332-க்குப் போயிருந்தால் என்ன செய்வது?

செப்டம்பர் 30 அன்று இருந்த நிலைமையை அந்த பில் உறுதிப்படுத்துகிறதா, அல்லது அதற்குப் பிறகு நடந்த ஒன்றால் விலை மாறியதா என்று பிரிக்கவேண்டும். முதல் வாரத்தில், அதே தரத்தில், வழக்கமான அளவில் போன விற்பனை பெரும்பாலும் முதல் வகை. செப்டம்பர் கடைசியிலேயே 345 கிடைத்திருக்காது என்பதை அது காட்டிவிட்டது, மதிப்பீட்டைத் திருத்தவேண்டும். நவம்பரில் திடீரென வந்த ஓர் அரசாணையால் விலை விழுந்திருந்தால் அது இரண்டாம் வகை, அடுத்த காலாண்டுக்கு உரியது. இவற்றுக்கு நடுவில் கிடப்பதுதான் கடினம். புது சீசன் பஞ்சு அக்டோபரில் வரும் என்பது செப்டம்பரிலேயே எல்லோருக்கும் தெரியும். அது வந்ததால் விலை இறங்கியது புதுச் சம்பவம் என்று சொல்லித் தப்பிக்க முயல்வதை நான் ஏற்கமாட்டேன். எதிர்பார்க்கக்கூடியதைத்தான் மதிப்பீடு எதிர்பார்க்கவேண்டும்.

ஏன் தப்பிக்க முயல்கிறார்கள் என்பதையும் சொல்லவேண்டும். ஆலைகள் பெரும்பாலும் வங்கியின் கேஷ் கிரெடிட்டில் ஓடுகின்றன. சரக்கிருப்பு விவரத்தை வங்கிக்கு அவ்வப்போது அனுப்பவேண்டும், அதில் மார்ஜினைக் கழித்த பிறகுதான் எவ்வளவு எடுக்கலாம் என்பதை வங்கி கணக்கிடும். மார்ஜின் 25 சதவீதம் என்றால், நம் ஆலையின் 2.625 கோடிக் குறைப்பு எடுக்கக்கூடிய தொகையில் சுமார் 1.97 கோடியைக் குறைத்துவிடும், அதுவும் பணம் மிகவும் தேவைப்படும் மாதத்தில். ஏட்டில் குறைத்துவிட்டு வங்கிக்குப் பழைய விலையில் அனுப்பிவிடலாமே என்ற ஆசை இங்கேதான் எழுகிறது. ரூ.5 கோடிக்கு மேல் நடைமுறை மூலதனக் கடன் வரம்பு உள்ள கம்பெனிகளில், வங்கிக்குக் கொடுத்த காலாண்டு விவரமும் ஏடும் ஒத்துப்போகின்றனவா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் சொல்லவேண்டும் என்று காரோ 2020 ஆணை கட்டாயமாக்கியிருக்கிறது. எனவே அந்த ஆசை இப்போது அறிக்கையில் பெயரோடு பதிவாகும்.

குறைக்காமல் விட்டதை வெளியிலிருந்து கண்டுபிடிக்கவும் முடியும். செப்டம்பரில் மதிப்பைக் குறைக்காத ஆலை அந்தப் பஞ்சை 280 ரூபாய் விலையிலேயே டிசம்பர் காலாண்டில் நூற்கும். விற்பனை அன்றைய விலையில், செலவு பழைய விலையில். மொத்த லாப விகிதம் டிசம்பரில் பள்ளத்தில் விழும். அந்தக் காலாண்டில் பஞ்சு விலை புதிதாகச் சரியாமல் இருந்தும் இப்படி விழுந்தால், நஷ்டம் முந்தின காலாண்டுடையது. குறைத்த ஆலையில் டிசம்பர் லாப விகிதம் அப்படிப் பள்ளத்தில் விழுந்திருக்காது. ஒரே தொழிலில் உள்ள இரண்டு ஆலைகளின் காலாண்டு முடிவுகளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது கண்ணில் படும்.

அளவுக்கு மீறிக் குறைத்தால்

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. கெட்ட காலாண்டு எப்படியும் கெட்டதுதான், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் குறைத்துவிட்டால் அடுத்த காலாண்டு அழகாக இருக்கும் என்ற எண்ணம். நம் ஆலை பஞ்சை 210-க்குப் பதில் 190-க்கு இறக்கினால், அடுத்த காலாண்டில் கிலோவுக்கு 20 ரூபாய் இல்லாத லாபம் முளைக்கும். மொத்தம் 56 லட்சம்.

உலகம் அறிந்த உதாரணம் சிஸ்கோ. இணையக் குமிழி வெடித்த பிறகு, 2001 வசந்த காலத்தில் அது தேவைக்கு மிஞ்சிய சரக்குக்காக சுமார் 225 கோடி டாலரைச் செலவாகக் காட்டியது. தேவையே இல்லை என்று கருதிய பொருளில் ஒரு பகுதி பின்னர் விற்பனை ஆனது, அந்த விற்பனைக்கு ஏட்டில் செலவே இல்லாததால் லாபம் கூடியது. சிஸ்கோ இந்தப் பலனைத் தனியாகப் பிரித்துச் சொன்னது. அப்படிச் சொல்லாத நிறுவனத்தில் படிப்பவர் அதை நிர்வாகத் திறமை என்று எடுத்துக்கொள்வார்.

அமெரிக்க விதியில் ஒருமுறை குறைத்த விலையே புது அடக்க விலை. சந்தை திரும்பினாலும் சரக்கு விற்கும்வரை ஏற்ற முடியாது. இண்ட் ஏஎஸ் 2 வேறு வழி. ஒவ்வொரு முறையும் நிகர விற்பனை மதிப்பைப் புதிதாகப் பார்க்கவேண்டும். காரணம் நீங்கி, அதே சரக்கு இன்னும் கையில் இருந்தால், குறைத்ததைத் திருப்பி ஏற்றவேண்டும், ஆனால் பழைய அடக்கத்தைத் தாண்டி அல்ல. நம் நூல் டிசம்பர் கடைசியில் விற்காமல் கிடந்து, கைக்கு வரும் விலை 460 ஆனாலும் ஏடு 435-க்கு மேல் போகாது. எவ்வளவு குறைத்தோம், எவ்வளவு திருப்பினோம், ஏன் திருப்பினோம் என்பதை ஆண்டறிக்கைக் குறிப்பில் சொல்வதும் கட்டாயம். நிறுவனத்தின் மதிப்பீடு நம்பத்தகுந்ததா என்று பார்க்க விரும்புகிறவர் முதலில் திறக்கவேண்டிய குறிப்பு இது. ஆண்டுக்கு ஆண்டு பெரிய தொகையைக் குறைத்து அடுத்த ஆண்டே பெரிய தொகையைத் திருப்புகிற நிறுவனம், விலையைவிடத் தன் லாபத்தை மதிப்பிடுகிறதோ என்று சந்தேகிக்கலாம்.

வருமான வரியில்

விற்காத சரக்கில் நஷ்டத்தைக் கழிக்க வரித்துறை ஒப்புமா என்று ஆலைக்காரர்கள் கேட்பதுண்டு. ஒப்பும். 1953-இல் செயின்ரூப் சம்பத்ராம் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. விற்காமல் பீகானேருக்கு அனுப்பிவைத்த வெள்ளிக் கட்டிகளைச் சுற்றி எழுந்த வழக்கு அது. இறுதிச் சரக்கை மதிப்பிடுவதால் லாபம் உண்டாவதில்லை, விற்காத சரக்கின் அடக்கத்தை எதிர்ப்பக்கத்தில் ஈடுகட்டுவதற்கே அந்தப் பதிவு என்று நீதிமன்றம் விளக்கியது. விலை ஏறினால் வரப்போகும் லாபத்தை முன்கூட்டி எடுக்கக் கூடாது, விலை இறங்கினால் வரப்போகும் நஷ்டத்தை எடுத்துக்கொள்ளலாம் என்பதையும் அது ஏற்றது.

இன்று வரிக்கணக்குக்குத் தனியாக ஐசிடிஎஸ் 2 என்ற தரநிலை இருக்கிறது, அதுவும் இரண்டில் குறைந்ததையே, உருப்படி உருப்படியாக, சொல்கிறது. பஞ்சு போன்ற மூலப்பொருளில் மட்டும் அது ஒரு படி கறாரானது. நூல் அடக்கத்தை மீட்காது என்றால் பஞ்சை இறக்கவேண்டியது மறுபடி வாங்கும் விலைக்கே என்கிறது. இண்ட் ஏஎஸ் அதை ஒரு நல்ல அளவு என்று மட்டும் சொல்கிறது. நம் ஆலை பின்னோக்கிய கணக்கில் 212 என்று ஏட்டில் வைத்திருந்தால் வரிக்கு அதை 210-க்கு மாற்றவேண்டியிருக்கும். மேலும் வரிக்குப் பொருட்டு ஆண்டு முடிவான மார்ச் 31-இன் சரக்குதான். செப்டம்பரில் குறைத்த பஞ்சு மார்ச்சுக்குள் நூலாகி விற்றுப்போயிருந்தால் அந்த நஷ்டம் விற்பனைக் கணக்கிலேயே வந்திருக்கும், தனியாகக் கேட்க ஒன்றுமில்லை. மார்ச் 31 அன்றும் பழைய பஞ்சு கிடந்தால், எந்த லாட், என்ன எடை, வாங்கிய பில், அன்றைய கொள்முதல் விலைக்கான ஆதாரம், ஏப்ரலில் விற்ற நூல் பில் ஆகியவற்றோடு உருப்படிவாரியான தாள் ஒன்று கோப்பில் இருக்கவேண்டும். "சந்தை மந்தம் காரணமாக 20 சதவீதம் குறைக்கப்பட்டது" என்ற ஒற்றை வரி வரி அதிகாரியிடம் நிற்காது.